விளக்கு வைத்ததும் வரும் விருந்தாளிகள்

ஐப்பசி மாதத்து மழை ஓய்ந்த ஒரு சாயங்காலம். அக்கா வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு இலை போட்டாயிற்று. வாசல் நிலைக்கு மேலே பளீரென்று நாலடி ட்யூப் விளக்கு. அத்தான் ரசம் சாதத்தைப் பிசைந்து ஒரு வாய் எடுத்து வைக்கப் போனவர், கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

"ரசத்தில் என்ன போட்டாய்? மிளகா, ஈசலா?" என்றார்.

மிளகு இல்லை, ஈசல்தான். ஒன்றிரண்டல்ல. கூடத்துத் தரையெல்லாம் இறகு. பச்சை நிறத்தில் எள்ளுப் போலத் தத்துப்பூச்சிகள் சுவரில் அப்பிக் கொண்டிருந்தன. அவற்றைப் பிடிக்க நாலைந்து பல்லிகள். வாசற்படியில், வயிறு புடைத்த ஒரு தேரை, கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார்ந்தவரைப் போல நிம்மதியாக வீற்றிருந்தது.

தஞ்சாவூருக்கு வெளியே, வயலை ஒட்டிப் புதிதாகக் கிளம்பிய காலனியில் அக்கா வீடு கட்டிக் குடிபோய் ஒரு வருஷம்தான் ஆகிறது. "வயல் காற்று வருகிறது" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வாள். வயல் காற்றோடு வயல் பூச்சியும் வரும் என்பதை மனை விற்றவர் சொல்லவில்லை.

இதுவரைக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. மறுநாள் மத்தியானம் சிரிப்பு நின்றுவிட்டது. அக்காவின் பெண் மீனுவுக்கு வயது ஆறு. அவள் கழுத்தில், காதுக்குக் கீழேயிருந்து தோள் வரைக்கும், யாரோ சூட்டுக் கோலால் கோடு இழுத்த மாதிரி சிவந்திருந்தது. சாயங்காலத்துக்குள் அந்தக் கோட்டின் மேல் சிறு சிறு கொப்புளம். குழந்தை எரிச்சல் தாங்காமல் அழுதது.

பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்தார். "அக்கியம்மா இது! காவி எழுதினால் இறங்கிவிடும்" என்றார். வேறொருவர் சிலந்திக் கடி என்றார். டாக்டரிடம் போனோம். அவர் கொப்புளத்தைப் பார்த்துவிட்டு மருந்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. முதலில் அவர் கேட்ட கேள்வி இதுதான்:

"குழந்தை விளக்குக்கு அடியில் படுத்திருந்ததா, அம்மா?"

ஆமாம், ஜன்னல் ஓரத்துக் கட்டிலில், ட்யூப் விளக்குக்கு நேர் கீழேதான் படுத்திருந்தாள்.

வாசக சகோதரிகளே, அந்தக் கேள்விக்கும் கொப்புளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நாங்களும் உங்களைப் போலத்தான் விழித்தோம். டாக்டர் விளக்கினார்.

பீடரஸ் என்று ஒரு சிறு வண்டு இருக்கிறது. சில இடங்களில் இதை 'ஆசிட் பூச்சி' என்றும் சொல்கிறார்கள். பார்த்தால் வண்டு என்றே தோன்றாது. கொஞ்சம் நீளமான எறும்பு என்றுதான் நினைப்பீர்கள். நீளம் ஒரு சென்டிமீட்டருக்குள்தான். தலை கறுப்பு, கழுத்து ஆரஞ்சு, நடுவில் நீலங்கலந்த கறுப்பு, பிறகு மறுபடி ஆரஞ்சு, வால் நுனி கறுப்பு என்று மாற்றி மாற்றி வர்ணம் பூசியிருக்கும். வயல்களிலும் ஈரமான மண்ணிலும் வசிக்கும். மழைக் காலத்தில் பெருகும். ராத்திரியில் விளக்கைத் தேடி வரும்.

இது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. மேலே ஊரும்போது நாம் தூக்கக் கலக்கத்தில் தேய்த்து நசுக்கி விடுகிறோம் அல்லவா? அப்போது அதன் உடம்பில் இருக்கும் பெடரின் என்ற விஷச் சாறு தோலில் பட்டுவிடுகிறது. உடனே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் கழித்துத்தான் எரியும், சிவக்கும், கொப்புளிக்கும். கை தேய்த்த பாதையிலேயே கோடாக வருவதுதான் இதன் அடையாளம். அதே கையால் கண்ணைக் கசக்கினால் கண் வீங்கிவிடும். 2022-ம் வருஷம் சிக்கிமில் ஒரு பொறியியல் கல்லூரியில் நூறு மாணவர்கள் வரை இந்த வண்டினால் அவதிப்பட்டது பத்திரிகைகளில் வந்தது.

"இவள் கண்ணுக்குப் போகாதது உங்கள் அதிர்ஷ்டம். களிம்பு நான் தருகிறேன், பத்துப் பதினைந்து நாளில் ஆறிவிடும். ஆனால் விளக்கை மாற்றாவிட்டால் அடுத்த மழைக்கு மறுபடி இங்கே வருவீர்கள்" என்றார் டாக்டர்.

அத்தானுக்கு ரோஷம் வந்துவிட்டது. "வீட்டைச் சுற்றி மருந்து அடித்துவிட்டால்?" என்று கேட்டார்.

"வேண்டாம் சார். அது வயலில் தத்துப்பூச்சிகளைத் தின்கிற பூச்சி. விவசாயிக்குச் சிநேகிதன். அதன் இடத்தில் அது இருக்கட்டும். அதை வீட்டுக்குக் கூப்பிடாமல் இருந்தால் போதும்."

கூப்பிடுகிறோமா? யார் கூப்பிட்டார்கள்? நாம்தான், விளக்கைக் கொண்டு. எப்படி என்று பார்ப்போம்.

பூச்சிகளின் கண்

விளக்கில் விழும் விட்டிலைக் காதலுக்கு உவமை சொன்னவர்கள் நம் ஊரில் ஏராளம். விட்டில், விளக்கைச் சந்திரன் என்று நினைத்து ஏமாறுகிறது என்றும் வெகு காலமாகச் சொல்லி வந்தார்கள். இரண்டும் சரியில்லை போலிருக்கிறது. லண்டன் இம்பீரியல் காலேஜைச் சேர்ந்த விஞ்ஞானிகளும் அவர்களுடைய கூட்டாளிகளும், மிக வேகமாகப் படம் பிடிக்கும் காமிராக்களை வைத்து, விளக்கைச் சுற்றும் பூச்சிகளைப் படமெடுத்தார்கள். கொஞ்சம் பரிசோதனைச் சாலையில், கொஞ்சம் மத்திய அமெரிக்காவில் கோஸ்டரிக்கா நாட்டுக் காட்டில். 2024-ல் முடிவை வெளியிட்டார்கள்.

அவர்கள் கண்டது இதுதான். விளக்கருகே வந்த பூச்சி விளக்கை நோக்கி நேரே பாயவில்லை. தன் முதுகை விளக்கின் பக்கம் திருப்பிக் கொண்டது. ஏன்? ராத்திரியில்கூட ஆகாயம் தரையைவிடச் சற்று வெளிச்சமாகத்தான் இருக்கும். வெளிச்சம் இருக்கும் பக்கம் மேல், இருட்டு இருக்கும் பக்கம் கீழ் என்று வைத்துக்கொண்டு, முதுகை வெளிச்சத்துக்குக் காட்டியபடி பறப்பது பூச்சிகளின் வெகு காலத்து வழக்கம். நாம் ஒரு விளக்கைப் பக்கவாட்டில் ஏற்றிவிட்டால், பாவம், அதுதான் ஆகாயம் என்று எண்ணி முதுகைச் சாய்க்கிறது. சாய்ந்தால் பாதை வளைகிறது. வளைந்தால் வட்டம் போடுகிறது. வெளியேற வழி தெரியாமல் செக்கு மாடு மாதிரி சுற்றுகிறது. விளக்குக்கு மேலே பறந்தாலோ ஆபத்து இன்னும் அதிகம். வெளிச்சம் கீழேயிருந்து வருவதால், குப்புறக் கவிழ்ந்து 'பொத்'தென்று விழுகிறது. அது விழுகிற இடத்தில்தான் அத்தானின் ரசம் இருக்கிறது.

இதிலிருந்தே முதல் பாடம் கிடைக்கிறது. மேல் நோக்கி வெளிச்சம் வீசும் விளக்கும், நாலு பக்கமும் பிரகாசிக்கும் உருண்டை விளக்கும் பூச்சிக்குப் பெரிய பொறி. மேலேயும் பக்கத்திலும் மூடி, கீழே மட்டும் வெளிச்சம் விழும்படி செய்த விளக்கு சின்னப் பொறி.

இனி வர்ணத்துக்கு வருவோம். நமக்கு வானவில்லில் ஊதா முதல் சிவப்பு வரை தெரிகிறது. பூச்சியின் கண் வேறு தினுசு. பெரும்பாலான பூச்சிகளுக்கு நம் கண்ணுக்கே தெரியாத புற ஊதா ஒளி நன்றாகத் தெரியும். நீலமும் பச்சையும் தெரியும். மஞ்சளைத் தாண்டிச் சிவப்பின் பக்கம் போகப் போக மங்கிவிடும். ஆகவே நமக்கு ஒரே மாதிரி பிரகாசமாய்த் தெரியும் இரண்டு விளக்குகளில், நீலம் கலந்தது பூச்சிக்குச் சூரியன். மஞ்சள் மட்டும் உள்ளது மின்மினி.

பழைய ட்யூப் விளக்குக்குள் பாதரச ஆவியிலிருந்து புற ஊதா ஒளிதான் முதலில் பிறக்கிறது. உட்புறத்து வெள்ளைப் பூச்சு அதை நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமாக மாற்றுகிறது. இருந்தாலும் கொஞ்சம் கசியும். இப்போது எங்கும் வந்துவிட்ட எல்.இ.டி. விளக்கில் இந்தக் கசிவு கிடையாது. 'அப்பாடா' என்று சொல்லாதீர்கள்! வெள்ளை எல்.இ.டி.க்குள் உண்மையில் எரிவது ஒரு நீல விளக்கு. அதன் மேல் மஞ்சள் பூச்சு ஒன்றைப் பூசி, நீலமும் மஞ்சளும் கலந்து வெள்ளையாகத் தெரியச் செய்திருக்கிறார்கள். மஞ்சள் பூச்சு குறைந்து நீலம் தூக்கலாயிருந்தால் பால் வெள்ளை. பூச்சு கூடி நீலம் அடங்கியிருந்தால் இளமஞ்சள்.

அட்டைப் பெட்டியைப் படியுங்கள்

கடைக்குப் போய், "பூச்சி வராத பல்பு கொடுங்கள்" என்று கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். பெட்டியின் மேல் ஓர் எண்ணும் பக்கத்தில் 'கே' என்ற ஆங்கில எழுத்தும் அச்சிட்டிருக்கும். அது கெல்வின் என்ற அளவு. வெளிச்சத்தின் வர்ணத்தைச் சொல்வது. 6500 என்றிருந்தால் 'கூல் டேலைட்' என்ற நீலங்கலந்த வெள்ளை. நம் கடைகளில் கேட்காமலே எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் இதுதான். 4000 என்றிருந்தால் நடுத்தரம். 3000 அல்லது 2700 என்றிருந்தால் 'வார்ம் ஒயிட்' என்ற இளமஞ்சள். பழைய குண்டு பல்பின் நிறம். வெளி விளக்குக்கு இந்தக் கடைசித் தினுசைத்தான் வாங்க வேண்டும். எண் குறையக் குறையப் பூச்சி குறையும் என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

இதற்கும் ஒரு படி கீழே, நல்ல மஞ்சள் அல்லது ஆம்பர் விளக்கு இருக்கிறது. இதில் நீலம் அநேகமாகக் கிடையாது. பூச்சிக்கு மிகவும் மங்கலாகத் தெரிவதால் பூச்சி மிகவும் குறையும். ஆனால் இதற்கு ஒரு குறை உண்டு. இதன் வெளிச்சத்தில் நீலப் புடவை கறுப்பாகத் தெரியும். வாசலுக்கு வந்தவர் முகம் மஞ்சள் காமாலைக்காரர் முகம் போலிருக்கும். ஆகையால் உட்கார்ந்து பேசுகிற வராந்தாவுக்கு இளமஞ்சள், நடந்து போகிற கேட்டுக்கும் கொல்லைக்கும் மஞ்சள் என்று பிரித்துக் கொள்வது சௌகரியம்.

வெள்ளை பல்பின் மேலேயே மஞ்சள் ஜிகினாத் தாளைச் சுற்றிவிடலாமே என்று சிக்கனமான சகோதரி யாராவது யோசிக்கலாம். வேண்டாம். எல்.இ.டி. விளக்கின் அடிப்பாகம் சூடாகும். அந்தச் சூடு வெளியே போக வழி இல்லாவிட்டால் பல்பு சீக்கிரம் கெடும். தாளும் வெயிலில் சில வாரங்களிலேயே வெளுத்துவிடும். விளக்குச் செலவு மிச்சமாகாது, இரண்டு செலவாகும்.

வர்ணத்தோடு அளவும் முக்கியம். அக்கா வீட்டு வாசலில் எரிந்தது இருபது வாட் ட்யூப். சாவித் துவாரத்தைக் கண்டுபிடிக்க அத்தனை வெளிச்சம் எதற்கு? ஐந்து வாட் எல்.இ.டி. தாராளம். வெளிச்சம் ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகிவிடுகிறது, மின்சாரமும் அப்படியே.

எங்கே வைப்பது?

பூச்சிகளை ஆராய்கிற பேராசிரியர்கள் ராத்திரியில் அவற்றைப் பிடிக்க என்ன செய்வார்கள் தெரியுமா? ஒரு வெள்ளைத் துணியைத் திரை போலக் கட்டி, அதன் முன் பளிச்சென்ற விளக்கு ஒன்றை மாட்டுவார்கள். பூச்சிகள் தாமாகவே வந்து துணியில் உட்காரும். இப்போது உங்கள் வீட்டு வாசலை நினைத்துப் பாருங்கள். வெள்ளைச் சுவர்; அதன் மேல் வெள்ளை விளக்கு; அதன் கீழே திறந்து மூடும் கதவு! பேராசிரியரின் திரையில் இல்லாத வசதி, உள்ளே வர ஒரு வழியும் வைத்திருக்கிறோம்.

ஆகவே விளக்கு கதவுக்கு மேல் இருக்கக் கூடாது. கதவுக்கு எதிரே தள்ளி இருக்க வேண்டும். மூன்றடி தூரத்திலிருக்கும் விளக்கைப் பன்னிரண்டடி தூரத்துக்குத் தள்ளினால் தூரம் நாலு மடங்கு ஆகிறது. கதவின் மேல் விழும் வெளிச்சமோ பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது. அந்த வெளிச்சத்திலும் கதவும் படியும் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். பூச்சிகள் மட்டும் விளக்கடியிலேயே தங்கிவிடும். விளக்கடி இப்போது வீட்டிலிருந்து பன்னிரண்டடிக்கு அப்பால்.

இரண்டாவது, பூச்சி வருகிற திசைக்கு விளக்கு முதுகைக் காட்ட வேண்டும். வயல், குளம், தோப்பு, காலி மனை, எதுவானாலும் சரி, அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் பல்பு கண்ணில் படக் கூடாது. இதைச் சோதிப்பது சுலபம். இருட்டிய பிறகு தெருவிலோ வயல் ஓரத்திலோ போய் நின்று வீட்டைப் பாருங்கள். பல்பே தெரிகிறதென்றால் மூடி போதாது. தரையில் விழுந்த வெளிச்சம் மட்டும் தெரிந்தால் சரி.

மூன்றாவது, உள் விளக்கு. வெளியே என்னதான் மஞ்சள் விளக்குப் போட்டாலும், கூடத்தில் பளீரென்று வெள்ளை விளக்கு எரிய, ஜன்னல் திறந்திருந்தால் பூச்சி உள்ளே வரும். வெளிச்சத்தைக் குறைத்ததால் வெளியே இருட்டாகி, உள் வெளிச்சம் இன்னும் தூக்கலாகத் தெரியும் என்பதை மறக்காதீர்கள். விளக்கு மாற்றியும் பலனில்லை என்று அலுத்துக் கொள்கிறவர்கள் பலரும் தவறுவது இந்த இடத்தில்தான்.

அக்கா செய்தது

டாக்டர் வீட்டிலிருந்து வந்த மறுநாளே அக்கா வேலையில் இறங்கினாள். அத்தானுக்கு எதையும் ருசுவோடு காட்டினால்தான் நம்பிக்கை. ஆகையால் ஒரு சின்னப் பரீட்சை வைத்தாள். இதை நீங்களும் செய்து பார்க்கலாம்.

வெள்ளைப் பீங்கான் பேசின் ஒன்றில் பாதி தண்ணீர் ஊற்றி, பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம் இரண்டு சொட்டு விட்டாள். சோப்பு இருந்தால் விழுந்த பூச்சி மிதக்காமல் மூழ்கும். அதை வாசல் விளக்குக்கு நேர் கீழே ஸ்டூலில் வைத்து, ஏழு மணி முதல் எட்டு மணி வரை விட்டாள். முதல் நாள் பழைய ட்யூப். 200 வரை எண்ணிவிட்டு மேலே எண்ண மனமில்லாமல் விட்டுவிட்டாள். இரண்டாம் நாள் அதே இடத்தில் ஐந்து வாட் இளமஞ்சள் விளக்கு: 70 சொச்சம். மூன்றாம் நாள் மஞ்சள் விளக்கு: 30-க்குள்.

"மூன்றாம் நாள் காற்று அதிகம். பூச்சியே வந்திருக்காது" என்றார் அத்தான்.

நியாயமான ஆட்சேபணைதான். மழை, காற்று, நிலா எல்லாவற்றுக்கும் தக்கபடி பூச்சி கூடும், குறையும். பௌர்ணமியை ஒட்டிய ராத்திரிகளில் விளக்குக்கு வரும் பூச்சி குறைவு. அதனால் அக்கா நாலாம் நாள் மறுபடி பழைய ட்யூபையே மாட்டினாள். மறுபடி 200-க்கு மேல். அத்தான் வாயை மூடிக் கொண்டார். உங்கள் வீட்டில் எண்ணிக்கை வேறாயிருக்கும். ஆனால் கடைசி நாள் பழைய விளக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்காவிட்டால் பரீட்சை முடிந்ததாகாது.

பிறகு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டாள். கதவுக்கு மேலிருந்த ட்யூபைக் கழற்றியாயிற்று. அவர்கள் வீட்டுக்கு மேற்கே வயல். வாசலும் மேற்குப் பார்த்தது. கதவிலிருந்து பன்னிரண்டடி தள்ளி, கேட்டுக்குப் பக்கத்திலிருந்த தூணின் உட்புறம், இடுப்பளவு உயரத்தில் ஒரு மஞ்சள் விளக்கு. மேலேயும் மூன்று பக்கமும் தகர மூடி. வயலுக்கு முதுகு, படிக்கு முகம். மழையில் நனையும் இடமானதால், தண்ணீர் புகாதபடி செய்த வெளி விளக்குக் கூடுதான் வாங்க வேண்டும் என்று எலெக்ட்ரீஷியன் சொன்னார். பெட்டியில் 'ஐ.பி. 65' என்று போட்டிருக்கும். கம்பியைத் தரைக்குள் குழாய் வைத்துக் கொண்டு போனார். இந்த இரண்டிலும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஷாக் அடிக்கிற விஷயம்.

வராந்தாக் கூரையில் ஐந்து வாட் இளமஞ்சள். அதற்கு மட்டும் தனி ஸ்விட்ச். யாராவது உட்கார்ந்திருந்தால்தான் அது எரியும். கொல்லைப்புற விளக்குக்கு, ஆள் நடமாட்டம் கண்டால் தானே எரிந்து ஒரு நிமிஷத்தில் அணைகிற கருவி வைத்தார்கள். எரியாத விளக்குக்கு எந்தப் பூச்சியும் வராது அல்லவா?

உள்ளே செய்த வேலைக்குச் செலவே இல்லை. ஆறு மணிக்கு மேற்குப் பக்கத்து ஜன்னல்களுக்குக் கனமான திரை. வலையில் கிழிந்திருந்த ஓரத்தை அக்காவே ஊசி நூலால் தைத்துவிட்டாள். மீனுவின் கட்டில் ஜன்னலை விட்டு எதிர்ச் சுவருக்குப் போயிற்று. படுக்குமுன் தலையணையையும் போர்வையையும் உதறிப் போடுவது வழக்கமாயிற்று.

மீனுவுக்கும் ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். ஆரஞ்சும் கறுப்புமாக எறும்பு போல ஒன்று மேலே ஊர்ந்தால் அடிக்காதே, தேய்க்காதே. ஊதி விடு, அல்லது ஒரு காகிதத்தில் ஏற விட்டு வெளியே போடு. தப்பித் தவறி நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவு. கையைக் கழுவாமல் கண்ணைத் தொடாதே. குழந்தை இதைப் பள்ளிக்கூடத்தில் போய் வகுப்பு முழுவதற்கும் சொல்லிவிட்டு வந்தது!

எது நடக்காது?

இத்தனை சொன்ன பிறகு, இதனால் எது நடக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கொசு குறையாது. கொசு விளக்கைப் பார்த்து வருவதில்லை. நம்மைத் தேடி வருகிறது. நாம் விடும் மூச்சும், உடம்புச் சூடும், வியர்வை வாசனையும் அதற்கு வழி காட்டுகின்றன. டெங்கு பரப்பும் கொசுவோ பெரும்பாலும் பகலில் கடிப்பது. அதற்கு விளக்கே தேவையில்லை. மஞ்சள் விளக்குப் போட்டாயிற்று என்று தேங்கிய தண்ணீரைக் கொட்டாமல் இருந்துவிடாதீர்கள்.

நீல விளக்குக்குள் மின்சாரக் கம்பி வைத்து, பூச்சியைப் 'படபட'வென்று பொசுக்கும் கருவி விற்கிறார்கள். அதை வெளியே மாட்டுவது, ஊரில் உள்ள பூச்சிகளுக்கெல்லாம் கல்யாணப் பத்திரிகை அனுப்புவதற்குச் சமானம். அமெரிக்காவில் டெலவேரில் இந்தக் கருவிகளில் செத்த பூச்சிகளை எண்ணிப் பார்த்து 1996-ல் கணக்கு வெளியிட்டார்கள். மொத்தம் 13,789 பூச்சிகள். அவற்றில் கடிக்கிற ஜாதி வெறும் 31. மற்றவையெல்லாம் நம்மைக் கடிக்காதவை. எத்தனையோ நன்மை செய்பவையும்கூட.

ஈசலுக்கும் தனி யோசனை வேண்டும். மழை விட்டதும் புற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் கிளம்பும் ஜாதி அது. அந்த ராத்திரியில் மஞ்சள் விளக்கானாலும் ஓரளவு வரத்தான் செய்யும். ஆனால் அதன் ஆட்டம் நெடுநேரம் நிலைப்பதில்லை. முதல் ஈசல் தலை காட்டியதும் வெளி விளக்கையும் வாசல் பக்கத்துக் கூடத்து விளக்கையும் அணைத்துவிட்டு, பின்கட்டில் உட்கார்ந்து பேசிக் கொண்டிருந்தால் போதும். ஒரு மணி நேரத்துக்குள் இறகை உதிர்த்துவிட்டு அதது தன் வழியே போய்விடும். ஆனால் ஒன்று: வீட்டுச் சுவரிலிருந்தோ நிலைச் சட்டத்திலிருந்தோ ஈசல் கிளம்பினால் அது விளக்கு விஷயமல்ல. கரையான் உள்ளேயே குடியிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு ஆள் கூப்பிட வேண்டும்.

இருட்டில் திருடன் வருவானே, படியில் பாம்பு இருந்தால் தெரியாதே என்ற பயமும் நியாயமானதுதான். அதனால்தான் விளக்கையே எடுத்துவிடச் சொல்லவில்லை. படியையும் பாதையையும் விளக்கு காட்ட வேண்டும். வயலையும் வானத்தையும் காட்ட வேண்டியதில்லை. கண் கூசும் விளக்கைவிட, தரையில் சீராக விழும் மங்கிய வெளிச்சத்தில் பாம்பும் ஆளும் நன்றாகவே தெரியும். பூச்சி குறைந்தால் பூச்சிக்கு வரும் தேரையும், தேரைக்கு வரும் பாம்பும் வாசலுக்கு வர ஒரு காரணம் குறைகிறது.

கார்த்திகை பிறந்ததும் மறுபடி அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அன்றும் மழை விட்டிருந்தது. கேட்டருகே, இடுப்பளவு உயரத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அதனடியில் சில பூச்சிகள் சுற்றிக் கொண்டிருந்தன. பழைய தேரையும் அங்கே ஜாகை மாற்றிக் கொண்டு போயிருந்தது. வாசல் சுவரில் ஒரே ஒரு பல்லி, வேலையில்லாத் திண்டாட்டத்தில் இருப்பதைப் போலச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. மீனுவின் கழுத்துக் கொப்புளம் ஆறி, இலேசான கறுப்புத் தழும்பு மட்டும் இருந்தது. அதுவும் நாளடைவில் மறைந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம்.

இலை போட்டாயிற்று. அத்தான் ரசத்தை ஊற்றிக் கொண்டு, பழக்க தோஷத்தினால் உற்றுப் பார்த்தார். கறுப்பாக ஏதோ மிதந்தது. விரலால் எடுத்து விளக்குப் பக்கம் காட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மிளகுதான்!" என்று சொல்லி, வாயில் போட்டுக் கொண்டார்.